சாயம் வரணும்னா காரம்: நான் சொல்லிக்கொடுத்த ஒரு தப்பு

நீளமான பதிவு. கல்யாண வீட்டுப் படங்களை எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போன வாரம் குடும்ப குரூப்பில் என் தம்பி மருமகள் ஒரு படம் போட்டிருந்தாள். அவள் மகள் இந்த வருஷம் பிளஸ் டூ. யாரோ ஒருவர் எழுதிய வேதியியல் கையேட்டில் ஒரு பக்கம். அதில் கட்டம் கட்டி இப்படி இருந்தது: “டையசோனியம் உப்பு இணைப்பு வினை. பினால் என்றால் கார ஊடகம், அமீன் என்றால் அமில ஊடகம். ஆரஞ்சு சாயம். 2 மதிப்பெண் நிச்சயம்.” அதற்குக் கீழே பதினாலு கட்டைவிரல். என் சித்தப்பா மகன் ஒருவன், எஞ்சினியர், “இவ்வளவுதான் மேட்டர், லேப் எல்லாம் டைம் வேஸ்ட்” என்று எழுதியிருந்தான்.

அந்த வரி பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் நான் இவ்வளவு எழுத மாட்டேன், யாராவது திருத்திவிட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையை முப்பது வருஷம் கரும்பலகையில் எழுதிய கை என்னுடையது. அது என்ன வேலை செய்தது என்பதை மூன்று வருஷத்துக்கு முன் செய்யூர் பக்கத்து ஒரு இறால் பண்ணையில் என் கண்ணால் பார்த்தேன். அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் வகுப்பறைக்கு வருவோம். என்னிடம் படித்தவர்களுக்கு அந்த நாள் ஞாபகம் இருக்கும். செங்கல்பட்டு வெயிலில் மதியம் ஆய்வகத்தில் ஐந்து டிகிரிக்குக் கீழே ஒரு பீக்கரை வைத்திருப்பது என்றால் சும்மாவா? மாமல்லபுரத்திலிருந்து வரும் மீன் வண்டிக்காரரிடம் சொல்லி வைத்து, கோணிப்பையில் சுற்றிய ஐஸ் பாரை வாங்கி, சுத்தியலால் உடைத்து, உப்புப் போட்டு டப்பில் நிரப்புவோம். ஆய்வகம் முழுக்க மீன் வாசனை அடிக்கும். அதில் ஒரு பீக்கர். 1 மி.லி. அனிலீன், 3 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம், கொஞ்சம் தண்ணீர். அதை நன்றாகக் குளிரவைத்து, 0.8 கிராம் சோடியம் நைட்ரைட்டைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டுச் சொட்டாக விடுவோம். அனிலீன் அங்கே டையசோனியம் உப்பாகிறது. அந்தக் குளிர்ந்த கரைசலை, காஸ்டிக் சோடாவில் கரைத்து வைத்த பீட்டா நாப்தாலில் ஊற்றினால் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சு சிவப்பு. “சார், கேசரி!” என்று ஒரு பையன் கத்தினானே, அந்த நிறம்.

ஆனால் எத்தனை மேசையில் அது வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பத்து குழுவில் நாலு குழுவுக்கு வராது. ஒரு மேசையில் பழுப்புத் தார் வரும். இன்னொன்றில் மஞ்சளாக எண்ணெய் மிதக்கும். மூன்றாவதில் வெள்ளையாக ஏதோ திரிந்து, மேலே லேசாக ஆரஞ்சு பூசினமாதிரி நிற்கும். நான் என்ன செய்தேன்? வந்த குழுவின் சோதனைக்குழாயைத் தூக்கிக் காட்டி, “இதுதான் முடிவு, எழுதிக்கோங்க” என்றேன். வராத குழுக்களும் “ஆரஞ்சு சாயம் தோன்றியது” என்று ரெக்கார்டு நோட்டில் எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்த வராத குழாய்களில்தான் பாடம் இருந்தது. அதைக் கழுவும் தொட்டியில் கொட்டச் சொன்னவன் நான்.

வெள்ளையாகத் திரிந்த குழாயை எடுத்துக்கொள்வோம். கணக்கு பெரிய கணக்கில்லை. 3 மி.லி. அடர் அமிலத்தில் சுமார் 36 மில்லிமோல் அமிலம் இருக்கிறது. 1 மி.லி. அனிலீன் 11 மில்லிமோல். டையசோனியம் ஆவதற்கு ஒரு அனிலீனுக்கு இரண்டு அமிலம் செலவு, ஆக 22 போனது. மீதி 14 அப்படியே கரைசலில் நிற்கிறது. இந்த மீதி வீண் இல்லை, வேண்டும் என்றே வைப்பது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். இந்தப் பக்கம் 11 மில்லிமோல் நாப்தாலைக் கரைக்க 11 மில்லிமோல் காஸ்டிக் சோடா தேவை. அந்த 14 அமிலத்தை அடக்க இன்னொரு 14. மொத்தம் 25. பத்து சதவீத காஸ்டிக் கரைசல் 10 மி.லி. எடுத்தால் அதில் இருப்பது சரியாக 25தான்.

அந்த மேசைப் பிள்ளைகள் 5 மி.லி. எடுத்திருப்பார்கள். நாப்தால் அழகாகக் கரைந்திருக்கும். “காரத்தில் கரைத்துவிட்டோம், கார ஊடகம் ஆகிவிட்டது” என்று நம்பியிருப்பார்கள். டையசோனியம் கரைசலை ஊற்றிய நொடியில் அதிலிருந்த அமிலம் காரத்தைத் தின்றுவிட்டது. நாப்தால் மறுபடி கரையாத வெள்ளைத் தூளாகக் கீழே இறங்கிவிட்டது. பீக்கரில் இருந்தது அமில ஊடகம். ‘கார ஊடகம்’ என்று நோட்டில் எழுதியிருந்ததை அந்தப் பீக்கர் படிக்கவில்லை. ஒரு லிட்மஸ் தாளைத் தொட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். தொட்டுப் பார் என்று நான் சொல்லவில்லை.

ஏன் அமிலத்தில் சாயம் வரவில்லை? இங்கேதான் அந்தக் கையேட்டு வரி வாயை மூடிக்கொள்கிறது. டையசோனியம் அயனிக்கு எலக்ட்ரான் பசி. ஆனால் பலமான பசி இல்லை, கொஞ்சம் சோம்பேறிப் பசி. பக்கத்தில் எலக்ட்ரானை அள்ளிக் கொடுக்கிற வளையம் இருந்தால்தான் போய் ஒட்டும். பினால் அப்படியே இருந்தால் அவ்வளவு தாராளம் கிடையாது. அது ஒரு புரோட்டானைக் கழற்றிப் போட்டுப் பினாக்சைடு ஆனால் தாராளம் வந்துவிடும். பினாலின் pKa பத்து. pH 5-இல் லட்சம் பினாலில் ஒன்றுதான் பினாக்சைடாக இருக்கும். pH 9-இல் பதினொன்றில் ஒன்று. ஒவ்வொரு pH அலகு ஏறும்போதும் தயாராக நிற்கிற ஆள் பத்து மடங்கு கூடுகிறார்கள். அதற்குத்தான் காரம். சாயத்துக்குக் காரம் பிடிக்கும் என்பதற்காக இல்லை.

அப்படியானால் காரத்தைக் கொட்டிக்கொண்டே போகலாமா? போனால் எதிர்ப்பக்கத்து ஆள் செத்துப்போவார். டையசோனியம் காரத்தில் ஹைட்ராக்சைடைப் பிடித்து டையசோடேட் ஆகிவிடும். அதற்கு எலக்ட்ரான் பசியே கிடையாது, எதிலும் ஒட்டாது. அதனால் பினால் வகைகளுக்கு pH 9, 10 சுற்றி நிறுத்துவார்கள். சாயத் தொழிலில் காஸ்டிக்கில் கரைத்துவிட்டு, ஊடகத்தைப் பிடித்து நிறுத்தச் சலவை சோடா சேர்ப்பது இதனால்தான். நம் பள்ளிப் பரிசோதனை காஸ்டிக் கூடிப்போனாலும் தப்பித்துக்கொள்வதற்குக் காரணம், நாப்தால் படுவேகமான ஆள். டையசோனியம் சாவதற்குள் பிடித்துவிடும். மந்தமான ஒரு பினாலை வைத்து அதே காஸ்டிக்கில் செய்து பாருங்கள், ஏமாந்து போவீர்கள்.

ஆக pH என்பது இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற பேரம். ஒருவர் அமிலத்தில் உயிரோடு இருப்பவர், இன்னொருவர் காரத்தில் கை நீட்டுபவர். இருவரும் ஒரே நேரத்தில் உருப்படியாக இருக்கும் இடத்தைத்தான் தேடுகிறோம்.

அமீன் வந்தாலும் அதே பேரம்தான், ஆள் மட்டும் வேறு. டைமெத்தில் அனிலீனில் நைட்ரஜனின் தனி இணைதான் வளையத்துக்கு எலக்ட்ரான் கொடுக்கிறது. அமிலம் அதிகமானால் அந்த இணையில் புரோட்டான் வந்து உட்கார்ந்துகொள்ளும், வாசல் அடைபடும். அதன் pKa சுமார் 5. அதனால் pH 4, 5 பக்கம் வைத்தால் பாதிக்குப் பாதி வாசல் திறந்திருக்கும், டையசோனியமும் சுகமாக இருக்கும். சோடியம் அசிட்டேட் போடுவது இதற்குத்தான். மெத்தில் ஆரஞ்சு செய்தவர்களுக்கு ஞாபகம் வரும்.

முன்னே சொன்ன அந்த மீதி 14 அமிலமும் இதே கதைதான். அமிலத்தைக் கஞ்சத்தனமாக விட்டால், இன்னும் மாறாத அனிலீனின் வாசல் திறந்துகொள்ளும். பக்கத்திலேயே உருவாகியிருக்கும் டையசோனியம் நாப்தாலுக்காகக் காத்திருக்காது, தன் சொந்த அனிலீனையே போய்ப் பிடித்துக்கொள்ளும். அதுதான் இரண்டாவது மேசையின் மஞ்சள். பழுப்புத் தார் வந்த முதல் மேசைக்கு ஐஸ் போதவில்லை. டையசோனியம் சூட்டில் நைட்ரஜனை விட்டுவிட்டுப் பினாலாகி, அந்தப் பினாலோடு மிச்ச டையசோனியம் சேர்ந்து கண்டபடி ஆனது. குமிழி வந்ததா என்று பார்த்திருந்தால் போதும், குமிழிதான் அடையாளம். (இன்னொன்று. டையசோனியம் உப்பை உலர்த்தி எடுத்து வைக்க யாரும் முயற்சிக்காதீர்கள், வெடிக்கும். அனிலீன் தோல் வழியாகவே உடம்புக்குள் போகும் நஞ்சு. வீட்டில் செய்து பார்க்கிற சமாச்சாரம் இல்லை இது.)

இப்போது செய்யூருக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளில் என்னிடம் படித்த ஒரு பையன். பையன் என்கிறேன், அவனுக்கே கல்லூரி போகும் மகள் இருக்கிறாள். கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு அந்தப் பக்கம் குத்தகைக்கு நாலு குட்டை எடுத்து வனாமி இறால் விட்டிருந்தான். கோவளம், மாமல்லபுரம் பக்கமிருந்து மரக்காணம் வரை இந்தக் கடற்கரையில் இறால் பிழைப்பு எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று இந்தப் பக்கத்து உறவுகளுக்குத் தெரியும். முட்டுக்காட்டில் மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் களநிலையமே இருக்கிறது. இறாலுக்குப் போடும் தீவனத்தில் பாதிக்கு மேல் கழிவாகக் குட்டையிலேயே தங்குகிறது. அதிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து நைட்ரைட். நைட்ரைட் ஏறினால் இறாலின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கத் தடுமாறும். நீரில் உப்பு குறைந்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் செவுள் வழியாக நைட்ரைட் நுழைவதைத் தடுக்கப் போட்டி போடுவது அந்தக் குளோரைடுதான். அதனால் வாரம் இரண்டு முறையாவது நைட்ரைட் பார்க்கிறார்கள்.

பார்க்கும் முறை என்ன தெரியுமா? அசோ சாயம்தான். குட்டைத் தண்ணீரில் இருக்கும் நைட்ரைட்டை வைத்தே ஒரு டையசோனியம் செய்து, அதை ஒரு அமீனோடு இணைத்து, வருகிற ரோஜா நிறத்தின் ஆழத்தைப் பார்ப்பது. நிறம் எவ்வளவோ நைட்ரைட் அவ்வளவு. பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மன்காரர் 1858-இல் டையசோ சேர்மங்களைக் கண்டுபிடித்தவர், இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் வேலை பார்த்துக்கொண்டே 1879-இல் இந்த நைட்ரைட் சோதனையையும் கொடுத்தார். இப்போது பயன்படுத்தும் அமீன் 1939-இல் பிராட்டன், மார்ஷல் என்ற இருவர் ரத்தத்தில் சல்ஃபா மருந்தை அளக்கக் கொண்டுவந்தது. நாப்தைல் எத்திலீன் டையமீன் என்று நீளப் பெயர். சுருக்கமாக என்.இ.டி. என்பார்கள்.

கடையில் கிடைக்கும் கிட் விலை அதிகம், சீக்கிரம் தீர்கிறது என்று நம் ஆள் பாரிமுனைக்குப் போய் சல்ஃபனிலமைடு பொடியையும் என்.இ.டி.யையும் தனித்தனியாக வாங்கிவந்துவிட்டான். நல்ல யோசனை, நானே பாராட்டினேன். சல்ஃபனிலமைடு தண்ணீரில் சுலபத்தில் கரையாது. 5 கிராமை 100 மி.லி. தண்ணீரில் போட்டுக் கலக்கிக் கலக்கிப் பார்த்திருக்கிறான். அப்புறம் என் வகுப்பு ஞாபகம் வந்திருக்கிறது. நாப்தால் தண்ணீரில் கரையாது, காஸ்டிக்கில் கரையும், சாயம் வரணும்னா காரம். கொஞ்சம் காஸ்டிக் போட்டதும் பொடி பளிச்சென்று கரைந்துவிட்டது. சல்ஃபனிலமைடு அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும். அதுதான் வினையாகப் போயிற்று.

அந்தக் கரைசலை வைத்து மூன்று வாரம் சோதனை செய்திருக்கிறான். நாலு குட்டையிலும் நிறமே இல்லை. நைட்ரைட் பூஜ்ஜியம். சந்தோஷமாகத் தீவனத்தைக் குறைக்காமல் போட்டிருக்கிறான்.

ஒரு நாள் விடியற்காலை எனக்கு போன். “சார், மூணாவது குட்டையில இறால் கரையோரமா வந்து நிக்குது சார். தண்ணி டெஸ்ட்ல ஒண்ணுமே காட்டல. நீங்க ஒரு தடவ வந்து பாருங்களேன்.” போகும்போது பழைய பள்ளி ஆய்வகத்திலிருந்து கொஞ்சம் சோடியம் நைட்ரைட்டும் அமிலமும் கேட்டு வாங்கிப் போனேன்.

நான் முதலில் கேட்டது ஒன்றுதான். “கழிவு வாய்க்கால் தண்ணியில வச்சுப் பாத்தியா?” பார்த்திருக்கிறான், அதிலும் பூஜ்ஜியம். குட்டையின் அடிச்சேறு ஓடிவரும் வாய்க்காலில் நைட்ரைட் பூஜ்ஜியம் என்றால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமா, சோதனை செத்துவிட்டது என்று அர்த்தமா? நான் கொண்டுபோன நைட்ரைட்டையே ஒரு சிட்டிகை நல்ல தண்ணீரில் கரைத்து அவன் மருந்தை விடச் சொன்னேன். அதிலும் நிறம் இல்லை. அவன் முகம் மாறியது. லிட்மஸ் தாளைத் தொட்டேன், நீலம்.

என்ன நடந்தது என்றால், அவன் குழாயில் இணைப்பு வினை வரைக்கும் போகவே இல்லை. டையசோனியம் உருவாவதற்கு நைட்ரைட் அயனி போதாது, நைட்ரஸ் அமிலம் வேண்டும், அதுவும் இன்னொரு புரோட்டான் பெற்று. நைட்ரஸ் அமிலத்தின் pKa சுமார் 3.3. குட்டைத் தண்ணீரின் pH 8-இலேயே ஐம்பதாயிரம் நைட்ரைட்டில் ஒன்றுதான் நைட்ரஸ் அமிலமாக இருக்கும். இவன் அதற்கு மேல் காஸ்டிக்கும் ஊற்றியிருக்கிறான். பினாலோ அமீனோ, கூட்டாளி யாராக இருந்தாலும் டையசோனியம் செய்யும் முதல் படி எப்போதும் நல்ல அமிலத்தில்தான். என் கரும்பலகை வரி இரண்டாவது படியை மட்டும் பேசியது. அதைப் படித்தவன் இரண்டு படி இருப்பதையே மறந்துபோனான். மறக்கவைத்தது நான்.

“சார், நீங்கதானே சொன்னீங்க, சாயம் வரணும்னா காரம்னு” என்றான். குற்றம் சொல்லவில்லை, அப்பாவியாகத்தான் கேட்டான். எனக்கு அந்தக் குட்டைக் கரையில் நிற்கக் கூசியது.

அவன் பாட்டிலிலிருந்து கொஞ்சம் எடுத்து ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காட்டினேன். முதலில் தயிர் மாதிரி வெள்ளையாகத் திரிந்தது, சல்ஃபனிலமைடு வெளியே வந்துவிட்டது. அமிலம் நிறைய விட்டதும் மறுபடி கரைந்தது. “ரெண்டு பக்கமும் கரையுதுடா, ஆனா ஒரு பக்கந்தான் வேலை செய்யும்” என்றேன். பிறகு புதிதாகவே செய்தோம். சல்ஃபனிலமைடு 5 கிராம், அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., தண்ணீர் சேர்த்து மொத்தம் அரை லிட்டர். இன்னொரு பாட்டிலில் என்.இ.டி. அரை கிராம், அரை லிட்டர் தண்ணீர். இது கடல்நீர் ஆய்வில் காலங்காலமாக இருக்கும் அளவு. 50 மி.லி. குட்டை நீருக்கு முதல் பாட்டிலில் 1 மி.லி., ஐந்து நிமிஷம் பொறுத்து இரண்டாவதில் 1 மி.லி., பத்து நிமிஷம் கழித்துப் பார்க்க வேண்டும்.

அவன் ஒரு நல்ல கேள்வி கேட்டான். “குட்டைக்குச் சுண்ணாம்பு போட்டிருக்கேன் சார், அது இந்த அமிலத்தத் தின்னுடாதா?” இதைத்தான் நான் வகுப்பில் கேட்கவைத்திருக்க வேண்டும். மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டோம். அந்த 1 மி.லி.யில் 1.2 மில்லிமோல் அமிலம். 50 மி.லி. தண்ணீரில் கலந்தால் லிட்டருக்குச் சுமார் 23 மில்லிமோல். அவன் குட்டையின் காரத்தன்மை 150 பி.பி.எம்., அதாவது லிட்டருக்கு 3 மில்லிமோல். 23-இல் 3 போனால் 20 மிச்சம், pH 1.7. தாராளமாகப் போதும். ஆனால் மருந்து மிச்சம் பிடிக்க நாலு சொட்டுக்குப் பதில் அரைச் சொட்டு விடுகிறவர்களுக்குப் போதாது.

pH 1.7 என்றதும் கெட்டிக்காரப் பிள்ளைகள் புருவத்தைத் தூக்கியிருப்பீர்கள். அமீனுக்கு 4, 5 என்று இப்போதுதானே சொன்னேன்? இவ்வளவு அமிலத்தில் அமீனின் வாசல் அடைபட்டிருக்காதா? டைமெத்தில் அனிலீனாக இருந்தால் அடைபட்டிருக்கும். என்.இ.டி.யில் இரண்டு நைட்ரஜன். சங்கிலியின் கடைசியில் இருப்பது புரோட்டானை வாங்கிக்கொண்டு நேர்மின்னோடு உட்கார்ந்துவிடுகிறது. அதனால் நாப்தலீனை ஒட்டியிருக்கும் நைட்ரஜனுக்கு இன்னொரு புரோட்டான் வாங்க மனசில்லை, அதன் வாசல் போதுமான அளவு திறந்தே இருக்கிறது. இந்தப் பக்கம் சல்ஃபனிலமைடின் டையசோனியம் சாதாரண டையசோனியத்தைவிட அதிகப் பசிக்காரன். பேரம் 1.7-இல் முடிகிறது. ‘அமீன் என்றால் அமிலம்’ என்ற வரி இங்கே தற்செயலாகச் சரி. எவ்வளவு அமிலம், ஏன் என்று கேட்டால் அதற்குப் பதில் தெரியாது.

சாயத் தொழிலில் எச்-ஆசிட் என்று ஒரு பொருள். ஒரே நாப்தலீனில் ஒரு பக்கம் அமினோ, மறுபக்கம் ஹைட்ராக்சில். இது பினாலா, அமீனா? கையேடு எந்தக் கட்டத்தில் போடும்? அமில ஊடகத்தில் வைத்தால் அமினோவுக்குப் பக்கத்தில் டையசோ ஒட்டும், காரத்தில் வைத்தால் ஹைட்ராக்சிலுக்குப் பக்கத்தில். இரண்டு பக்கமும் வேண்டுமென்றால் முதலில் அமிலத்தில் ஒன்றை ஒட்டி, பிறகு காரத்துக்கு மாற்றி மற்றதை ஒட்ட வேண்டும். வரிசையை மாற்றினால் இரண்டாவது ஒட்டுவது பெரும்பாடு. கறுப்புச் சாயங்கள் பல இப்படிச் செய்தவை. pH-ஐ வைத்து ஒரே மூலக்கூறில் கதவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். மனப்பாட வரியை வைத்துக்கொண்டு அந்தத் தொழிற்சாலைக்குள் போகும் பிள்ளை என்ன செய்வான்?

சரி, குட்டைக்கு வருகிறேன். வெறுமனே நிறம் வந்தால் போதாது, எவ்வளவு என்று தெரிய வேண்டும். 0.493 கிராம் சோடியம் நைட்ரைட்டை ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் கரைத்தால், நைட்ரஜன் கணக்கில் லிட்டருக்கு 100 மில்லிகிராம். அதில் 1, 2, 3 மி.லி. எடுத்துத் தனித்தனியாக ஒரு லிட்டர் ஆக்கினால் 0.1, 0.2, 0.3. இந்த மூன்றும், நைட்ரைட் இல்லாத வெறும் தண்ணீர் ஒன்றும், வரிசையாக நிறுத்தினோம். இளம் ரோஜாவிலிருந்து நல்ல ரோஜா வரை படியாக வந்தது. வெறும் தண்ணீர் வெறுமனே நின்றது. அதன் பிறகுதான் குட்டைத் தண்ணீரைத் தொடவிட்டேன்.

ஒன்றாவது, நாலாவது குட்டை 0.1-க்கும் கீழே. இரண்டாவது 0.3. மூன்றாவது குட்டையில் மருந்து விழுந்ததும் கருஞ்சிவப்பு, எதனோடும் ஒப்பிட முடியவில்லை. அப்படி மிஞ்சிப்போனால் நம்பக்கூடாது, நைட்ரைட் மிக அதிகமாக இருந்தால் நிறம் பழுப்பாகத் திரும்பிக் குறைத்தும் காட்டும். பத்து மடங்கு நீர்த்துச் செய்தோம். 0.2-க்கும் 0.3-க்கும் நடுவே நின்றது. பத்தால் பெருக்கினால் சுமார் 2.5. ஒன்றைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டிய இடத்தில் 2.5. மழைக்குப் பிறகு உப்பும் இறங்கியிருந்தது.

அன்றே தீவனத்தை நிறுத்தி, காற்றடிப்பான்களை முழுக்க ஓட்டி, தண்ணீர் மாற்ற ஆரம்பித்தான். கொஞ்சம் இறால் போயிற்று. மிச்சத்தைப் பத்து நாளில் சின்ன சைஸிலேயே பிடித்து விற்றான். நஷ்டம்தான், எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.

“ஒரு ஆசிரியருக்கு அறுபது பிள்ளை, ஐஸும் கிடையாது, நேரமும் கிடையாது, வரியைக் கொடுத்தால்தான் பாஸ் பண்ணுவான்” என்று என் சக ஆசிரியர்கள் சொல்வார்கள். நானும் அதையே சொல்லித்தான் முப்பது வருஷம் ஓட்டினேன், அதில் உண்மை உண்டு. ஆனால் லிட்மஸ் தாளுக்கு ஐஸ் வேண்டாம். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்த ஒரு பொருளை வைத்து முதலில் பார்ப்பதற்கு நேரமும் பெரிதாக வேண்டாம். செய்முறைத் தேர்வில் என்ன நிறம் வந்தது என்று கேட்பதை விட்டுவிட்டு, காரம் பாதியாகக் குறைத்த ஒரு குழாயைக் கையில் கொடுத்து, “இது ஏன் வரலை, எப்படி வரவைப்பாய்?” என்று கேட்கட்டும். கையேடு எழுதுகிறவர்களும் அந்தக் கட்டத்துக்குள் இரண்டு வரி கூட எழுதினால் காகிதம் ஒன்றும் தீர்ந்துவிடாது. முதல் படி எப்போதும் குளிர்ந்த அமிலத்தில், இரண்டாவது படி கூட்டாளியின் pKa-வைப் பார்த்து.

எஞ்சினியர் தம்பிக்கு: லேப் டைம் வேஸ்ட் என்று எழுதினாயே, செய்யூருக்கு உன்னை அழைத்துப்போகிறேன், அந்தப் பையனிடம் நேரில் சொல்.

தம்பி மருமகளுக்கு: பாப்பாவை ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வரச் சொல். ரெக்கார்டு நோட்டு வேண்டாம். அமிலம் எல்லாம் தொடவிட மாட்டேன், பயப்படாதே. அந்தப் பண்ணைப் பையன் ஒரு கேனில் குட்டைத் தண்ணீர் கொண்டுவருகிறான். அவன் மருந்துப் பெட்டியில் இப்போது தெரிந்த அளவு நைட்ரைட் பாட்டில் ஒன்று எப்போதும் இருக்கிறது. அந்தப் பழைய காஸ்டிக் பாட்டிலையும் கொட்டாமல் வைத்திருக்கிறான், அதையும் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.